எஞ்சி நிற்பது எது?

மோப்பம் பிடித்தபடி ஓடிவருகிறது ஒரு வேட்டை நாய். ஓடிவந்த பாதை ஓரிடத்தில் மூன்றாகப் பிரிகிறது. முதல் வழியை முகர்ந்து பார்க்கிறது. விலங்கின் மணம் இல்லை. இரண்டாம் வழியை முகர்ந்து பார்க்கிறது, அங்கும் இல்லை. மூன்றாம் வழியை அது முகரவே இல்லை. முகராமலே பாய்ந்து ஓடுகிறது!

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த கிரிசிப்பஸ் என்னும் அறிஞர் இந்த நாயை எடுத்துக்காட்டினார் என்பது பழைய செய்தி. இவ்வழி, அல்லது அவ்வழி, அல்லது உவ்வழி. இவ்வழி அன்று, அவ்வழியும் அன்று, ஆகவே உவ்வழி. நாயின் செயலில் இந்தக் கணக்கு மறைந்திருக்கிறது என்றார் அவர். நாய் உண்மையிலேயே எண்ணிப் பார்த்ததா, பழக்கத்தால் ஓடியதா என்ற வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. மனிதன் எண்ணும்போது இந்த விதியின்றி ஓரடியும் நகர முடியாது என்பது மட்டும் உறுதி.

அளவை நூலார் இதனை உறழ்வு நியாயம் என்பர். எளிமை கருதி நாம் விலக்கு விதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் ஒன்றேனும் உண்மை என்று ஒப்புக்கொண்டோம். ஒன்று பொய்யென்று தெரிந்துவிட்டது. எனவே மற்றது உண்மை. இவ்வளவே விதி.

இதற்குத் துணையாக இன்னொரு விதி உண்டு. மழை பெய்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் மதகு திறக்கப்படும். ஆகவே, மழை பெய்தால் மதகு திறக்கப்படும். இதனை நிபந்தனை நியாயம் என்பர். நாம் கோவை விதி என்போம். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் இவ்வகை வாதங்களை ஆராய்ந்தார் என்பர். இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். நடுவில் நின்ற 'ஏரி நிறைதல்' இரு கூற்றுகளையும் பிணைத்துவிட்டு, முடிவில் மறைந்துவிடுகிறது. மழை பெய்தது என்று யாரும் இங்கே சொல்லவில்லை. பெய்தால் என்ன நேரும் என்பதே முடிவு.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் சிறுபிள்ளைக் கணக்காகத் தோன்றும். ஒன்றன் முடிவை மற்றொன்றின் தொடக்கமாக வைத்து அடுக்கிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத காரணத்தையும் அவை தேடிப் பிடித்துவிடும். பிடித்துக் கொணர்ந்த காரணம் நம் கையாகவே இருந்தால்? முறையாக வந்த முடிவு நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், "ஏற்க மாட்டேன்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் தாய்மாரின் உயிரை வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி.

அங்கே மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒருநாள் வருவோர் ஒரு பிரிவுக்கும், மறுநாள் வருவோர் மற்றப் பிரிவுக்கும் என மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். ஆகவே இங்கே வந்தவர் வேறு வகையினர், அங்கே வந்தவர் வேறு வகையினர் என்று சொல்ல இடமில்லை. 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேருக்கு மேல் மகப்பேற்றுக் காய்ச்சலால் மாண்டனர். இரண்டாம் பிரிவில் 100-க்கு 3 பேர்கூட இல்லை. முதற்பிரிவுக்குரிய நாளில் வந்துவிட்ட பெண்கள், அங்கே தங்களைச் சேர்க்க வேண்டாமென மண்டியிட்டு மன்றாடினர். தெருவிலேயே பிள்ளை பெற்றுவிட்டுப் பின்னர் மருத்துவமனைக்கு வந்தவர்களிடையேகூடச் சாவு குறைவாக இருந்தது!

அந்த ஆண்டில் முதற்பிரிவில் துணை மருத்துவராக அமர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ், ஹங்கேரி நாட்டவர், வயது 28. ஒரு சுவரின் இப்பக்கம் இத்தனை சாவு, அப்பக்கம் சிறு சாவு, ஏன்? இதுவே அவரை உறங்கவிடாத கேள்வி.

அன்று சொல்லப்பட்ட காரணங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். நகரத்தின் மீது கவிந்த கெட்ட காற்று என்றனர் சிலர். நெரிசல் என்றனர் சிலர். அச்சம் என்றனர் வேறு சிலர். சாகும் தறுவாயில் உள்ளவளுக்குச் சடங்கு செய்ய வரும் பாதிரியார், மணியடிப்பவன் முன்செல்ல, முதற்பிரிவின் கூடங்களைக் கடந்தே நோயறைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஓசை கேட்ட தாய்மார் நடுங்கி நோயுற்றனராம்! மல்லாந்து படுக்கவைத்துப் பேறு பார்ப்பதே காரணம் என்றும் ஐயம் எழுந்தது. மாணவர்கள் முரட்டுத்தனமாகச் சோதிக்கின்றனர் என்று 1846-இல் அமைந்த ஆய்வுக்குழு கூறியது.

ஆக, ஐந்து காரணங்களுள் ஒன்று: காற்று, அல்லது நெரிசல், அல்லது அச்சம், அல்லது படுக்கும் முறை, அல்லது முரட்டுக் கை. இந்த 'அல்லது'களே பட்டியல்.

முதலில் காற்றை எடுப்போம். இரு விதிகளும் எப்படிக் கைகோக்கின்றன என்பதை அடியடியாகக் காணலாம். முதற்பிரிவில் சாவு மிகுவதற்கான காரணத்தையே இங்கே 'காரணம்' என்கிறோம்.

1. காரணம் நகரக் காற்றெனில், அது இரு பிரிவையும் ஒன்றுபோலத் தாக்கும்.
2. இரு பிரிவையும் ஒன்றுபோலத் தாக்குமெனில், சாவும் இரு பிரிவிலும் ஒத்திருக்கும்.
3. ஆகவே, காரணம் காற்றெனில், சாவு இரு பிரிவிலும் ஒத்திருக்கும்.
4. அஃதாவது, காரணம் காற்று அன்று. அல்லது, சாவு இரு பிரிவிலும் ஒத்திருக்கிறது.
5. சாவு ஒத்திருக்கவில்லை.
6. ஆகவே, காரணம் காற்று அன்று.

முதல் இரண்டு அடிகளைக் கோவை விதி இணைத்து மூன்றாம் அடியைத் தந்தது. நான்காம் அடி புதுச்செய்தி எதையும் சொல்லவில்லை. மூன்றாம் அடிக்கு வேறு உடை உடுத்தியது, அவ்வளவே. 'இது உண்டானால் அது உண்டு' என்பதும், 'இது இல்லை, அல்லது அது உண்டு' என்பதும் ஒரே பொருளுடையவை. இந்த உடை மாற்றம்தான் நிபந்தனையை உறழ்வாக்கி, விலக்கு விதிக்கு வாயில் திறந்துவிடுகிறது. ஐந்தாம் அடி மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து வந்தது. பதிவேடும் நான்காம் அடியும் சேர்ந்ததும் விலக்கு விதி ஆறாம் அடியைத் தந்துவிட்டது.

வேலை இன்னும் முடியவில்லை. ஆறாம் அடியைக் கையிலெடுத்துக்கொண்டு பட்டியலுக்குத் திரும்புகிறோம். ஐந்தில் காற்று நீங்கியது. எஞ்சிய நான்கும் இன்னொரு பட்டியல். அதன் மீதும் இதே கோவை, இதே விலக்கு. நெரிசல் காரணமெனில், நெரிசல் மிகுந்த பிரிவில் சாவு மிகும். ஆனால் நெரிசல் மிகுந்திருந்தது இரண்டாம் பிரிவில்! முதற்பிரிவின் பெயர் கேட்டு அஞ்சிய பெண்கள் அங்கே குவிந்தனர். சாவோ அங்கே குறைவு. நெரிசல் நீங்கியது. அச்சம் காரணமெனில், மணியோசையை நிறுத்தினால் சாவு குறையும், பாதிரியாரைச் சுற்றுவழியாக, மணியின்றி வரச் செய்தார் செம்மல்வைஸ், சாவு குறையவில்லை. அச்சமும் நீங்கியது. படுக்கும் முறையை இரண்டாம் பிரிவில் உள்ளது போல மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்தார், மாற்றமில்லை. அதுவும் நீங்கியது.

எஞ்சி நின்றது முரட்டுக் கை ஒன்றே. நாய் மூன்றாம் வழியில் பாய்ந்ததைப் போல இங்கே பாய்ந்திருக்கலாம்! பாய்ந்தும் பார்த்தனர். மாணவர் தொகையைப் பாதியாகக் குறைத்தனர், சோதனைகளையும் குறைத்தனர். சாவு சிறிது காலம் தணிந்தது. பின்னர் முன்னிலும் மேலாக ஏறியது. அன்றியும், பிள்ளை பிறக்கும்போதே உண்டாகும் காயம் மாணவன் கையால் உண்டாகும் காயத்தைவிடப் பெரிது என்று செம்மல்வைஸ் சுட்டிக்காட்டினார். மருத்துவச்சிகளும் ஏறத்தாழ அதே முறையில்தான் சோதித்தனர். ஐந்தாவதும் நீங்கியது.

இப்போது பட்டியலில் ஒன்றுமே இல்லை! ஐந்தில் ஒன்று காரணம் என்றோம். ஐந்தும் அல்ல என்று கண்டோம். விதி பிழைத்துவிட்டதா? இல்லை. எல்லாவற்றையும் விலக்கிய பின் ஒன்றும் எஞ்சவில்லையெனில், அதற்குப் பொருள் ஒன்றே: விலக்கிய அடிகளில் பிழையில்லையானால், 'ஐந்தில் ஒன்று' என்ற முதற்கூற்றுப் பொய். நான்காவது வழி ஒன்று இருந்திருந்தால், கிரிசிப்பஸின் நாயும் ஏமாந்திருக்கும். வழி மூன்றே என்பதை அது முகர்ந்து அறியவில்லை, முன்பே ஒப்புக்கொண்டது. விலக்கு விதி பட்டியலை வடிகட்டித் தரும். பட்டியலில் இல்லாததை ஒருநாளும் சேர்த்துத் தராது. அதைச் சேர்க்க உலகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1847 மார்ச்சில் உலகம் அதைக் கொணர்ந்து சேர்த்தது, கொடிய முறையில். செம்மல்வைஸின் நண்பர் கொலெட்ச்கா பிணச்சோதனை செய்துகொண்டிருந்தபோது, மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. காய்ச்சல் கண்டது, மாண்டார். அவர் உடலில் காணப்பட்ட அறிகுறிகள், மாண்ட தாய்மாரின் உடலில் காணப்பட்டவையே! பிணத்தின் நுண்பொருள் குருதியில் கலந்தால் இந்த நோய் வரும். இது புதிய கண்ணி. உடனே மற்றக் கண்ணிகள் தாமே வந்து கோத்துக்கொண்டன. மாணவர்களும் மருத்துவர்களும் காலையில் பிணம் அறுத்துவிட்டு, அங்கிருந்து நேரே தாய்மாரைச் சோதிக்க வருகின்றனர். சோப்பால் கழுவிய பின்னும் பிண வாடை கையில் தங்கியிருக்கிறது. வாடை தங்கினால் பொருளும் தங்கியிருக்கும். பொருள் தங்கிய கை சோதித்தால், அது பேற்றுப் புண்ணில் படும். புண்ணில் பட்டால் குருதியில் கலக்கும். கலந்தால் காய்ச்சல் வரும். நடுக் கண்ணிகளெல்லாம் மறைந்து, இரு முனைகள் மட்டும் எதிரெதிரே நிற்கின்றன: மருத்துவன் பிணம் அறுத்தால், தாய்க்குக் காய்ச்சல்! இரண்டாம் பிரிவின் மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. தெருவில் பெற்றவளை அந்தக் கை பெரும்பாலும் தொடுவதில்லை.

1847 மே மாதத்தில், சோதிக்குமுன் குளோரின் கலந்த நீரில் அனைவரும் கை கழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டார். ஏப்ரலில் 100-க்கு 18-ஐத் தாண்டியிருந்த சாவு, ஜூனில் 100-க்கு ஏறத்தாழ 2 ஆயிற்று. 1848-ஆம் ஆண்டு முழுவதற்கும் முதற்பிரிவில் 100-க்கு 1.27; இரண்டாம் பிரிவில் 1.33. சுவரின் இப்பக்கமும் அப்பக்கமும் சமமாயின.

இவ்விடத்தில் விழிப்பு வேண்டும். 'கை காரணமெனில், கழுவினால் சாவு குறையும்; குறைந்தது; ஆகவே கையே காரணம்' என்று சொல்வது மேற்சொன்ன இரு விதிகளுள் எதுவும் அன்று; முறையான வாதமும் அன்று. மழை பெய்தால் ஏரி நிறையும் என்பதால், நிறைந்த ஏரியைக் கண்டு மழை பெய்தது என்று முடிவு கட்ட முடியாது. ஆற்று நீரும் வந்திருக்கலாம். வாதத்தை இப்படி அமைத்தால்தான் நிற்கும்: சாவு குறைந்தது கழுவியதால், அல்லது அதே காலத்தில் மாறிய வேறொன்றால், வேறொன்றும் மாறவில்லை, ஆகவே கழுவியதால். இதன் பலமெல்லாம் 'வேறொன்றும் மாறவில்லை' என்ற கூற்றில் இருக்கிறது. ஐயப்படுவோர் தாக்க வேண்டிய இடமும் அதுவே.

'அல்லது' என்ற சொல்லில் இன்னொரு பள்ளமும் உண்டு. பிணப்பொருள் காரணம், அல்லது வேறு பொருள் காரணம், பிணப்பொருள் காரணம்தான், ஆகவே வேறு பொருள் காரணமே அன்று. இது விலக்கு விதி போலவே ஒலிக்கிறது. ஆனால் விலக்கு விதி அன்று! ஒன்று பொய்யென்றால் மற்றது மெய் என்பதே விதி. ஒன்று மெய்யென்றால் மற்றது பொய் என்று விதி சொல்லவில்லை. இரண்டும் மெய்யாக இருக்கலாம். இதற்கு விலை கொடுத்தவர்களும் தாய்மாரே. 1847-இல் ஒருநாள், கருப்பை வாயில் அழுகிய புற்றுநோய் உடைய பெண்ணொருத்தியை முதலில் சோதித்துவிட்டு, மருந்து நீரில் மீண்டும் கழுவாமல், சாதாரணமாகக் கழுவிய கையோடு அதே கூடத்தில் இருந்த 12 பேரைச் சோதித்தனர். 11 பேர் மாண்டனர். பிணத்தில் மட்டுமன்று, உயிருள்ள உடலில் அழுகும் பொருளிலும் நஞ்சு உண்டு என்பதை அப்போதுதான் செம்மல்வைஸ் உணர்ந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னே கழுவ வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

கோவை விதிக்கும் எல்லை உண்டு. கண்ணிகள் ஒவ்வொன்றும் 'எப்போதும்' என்றால் கோவையும் 'எப்போதும்'. ஆனால் பிணம் தொட்ட கை பட்ட தாய்மார் அனைவருமா மாண்டனர்? பெரும்பாலோர் பிழைத்தனர். 'கலந்தால் காய்ச்சல் வரும்' என்பது 'வரக்கூடும்' என்ற அளவிலேயே உண்மை. ஒவ்வொன்றும் 10-க்கு 9 முறை மட்டும் பொருந்தும் மூன்று கண்ணிகளைத் தனித்தனிச் செய்திகளாகக் கொண்டு கோத்தால், முனைக்கு முனை 100-க்கு 73 முறை அளவுக்கே பொருந்தும். கோவை நீள நீள உறுதி தேயும். ஆகவே நீண்ட வாதத்தைக் கேட்பவன், ஒவ்வொரு கண்ணியிலும் 'எப்போதுமா, பெரும்பாலுமா' என்று கேட்டே தீர வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பின், தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். செம்மல்வைஸின் முடிவை அன்றைய மருத்துவருள் பலர் ஏற்கவில்லை. எல்லாரையும் பழிப்பது நேர்மையாகாது. அவர் தம் கண்டுபிடிப்பை விரித்து நூலாக வெளியிட்டது 1861-இல்தான்; அந்த நுண்பொருளை யாருக்கும் கண்ணால் காட்டவும் அவரால் இயலவில்லை. 'இந்தக் கண்ணி எனக்கு விளங்கவில்லை', 'இந்தப் பட்டியல் முழுமையன்று' என்று சொன்னவர்கள் தம் கடமையைச் செய்தவர்கள். ஆனால் வேறு சிலரோ எந்த அடியையும் தொடவில்லை. மருத்துவன் கை தூய கை, அது கொல்லாது என்று முடிவை மட்டும் மறுத்தனர். அது வாதமன்று, வாதத்துக்கு முதுகு காட்டுவது. முதற்கூற்றுகளை ஒப்புக்கொண்டு, விதியையும் ஒப்புக்கொண்டவன் முடிவை மறுக்க முடியாது. மறுக்க விரும்பினால், எந்த அடி பொய் என்று விரல் வைத்துக் காட்டக் கடமைப்பட்டவன். முடிவு நமக்குக் கசக்கிறது என்பது எந்த அடியையும் பொய்யாக்காது.

அந்தக் கசப்பை விழுங்கியவர்களும் இருந்தனர். பிணச்சோதனையில் மிகுதியாக ஈடுபட்டிருந்த தம் கையாலும் எத்தனையோ தாய்மார் மாண்டனர் என்பதைச் செம்மல்வைஸே தம் நூலில் ஒப்புக்கொண்டார். கீல் நகரத்துப் பேறுகால மருத்துவர் மிக்கேலிஸ் இந்த முடிவை ஏற்றார். தம் உறவினப் பெண்ணொருத்தி தம் கையாலேயே மாண்டாள் என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1848-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். செம்மல்வைஸ் 1865-இல் மனநோய் விடுதியில் மறைந்தார். அவர் காட்ட இயலாமற்போன பொருளை, சங்கிலி போலக் கோத்துக்கொண்டு நிற்கும் நுண்ணுயிர்களாக 1879-இல் பாஸ்டர் பாரிசில் வரைந்து காட்டினார். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, அந்த உயிரைக் காணாமலே, அது எங்கே இருக்கிறது என்பதைக் கைவரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியவை 'அல்லது' என்ற சொல்லும் 'ஆனால்' என்ற சொல்லும்தான்.

எனவே, ஒருவன் நம்மிடம் வந்து, "இது அல்லது அது, அது இல்லை, ஆகவே இதுதான்" என்று முழங்கினால், முதலில் அவன் பட்டியலைக் கேட்போம்: மூன்றாவது இல்லையென்று எப்படி அறிந்தாய்? "இது நடந்தால் அது, அது நடந்தால் மற்றது" என்று அடுக்கினால், ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்ப்போம். இரண்டும் நின்றால், எஞ்சி நிற்பதை ஏற்போம். எஞ்சி நிற்பது நம் கையே ஆனாலும், முதல் வேலையாக அதைக் கழுவுவோம்.